ஒரே லாரி, இரண்டு லாபம்

நாமக்கல்லில் அண்ணனும் தம்பியும் தனித்தனியே ஆளுக்கொரு பிரைவேட் லிமிடெட் நிறுவனம் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஏப்ரல் 1-ஆம் தேதியே பத்துப் பத்து லாரிகளை ஓட்டத்துக்கு விடுகிறார்கள். சேஸிஸ் விலை, பாடி கட்டிய செலவு, பதிவுச் செலவு எல்லாம் சேர்ந்து லாரி ஒன்றுக்கு 40 லட்சம் ரூபாய். ஆக ஆளுக்கு 4 கோடி. இருவரும் சொந்தப் பணம் ஒன்றரைக் கோடி போட்டிருக்கிறார்கள். 3 கோடி ரூபாயை 10 சதவீத வட்டிக்குக் கடனாக வாங்கியிருக்கிறார்கள். இருவர் லாரிகளுக்கும் ஒரே வழித்தடம், ஒரே லோடு, ஒரே வாடகை.

ஆண்டு முடிந்து கணக்கு வெளிவருகிறது. அண்ணன் நிறுவனத்தின் லாபம் 56.7 லட்சம். தம்பி நிறுவனத்துக்கு 37.2 லட்சம் நட்டம்.

இரண்டு கணக்கிலும் தவறு இல்லை. இரண்டையும் ஆடிட்டர் தணிக்கை செய்து கையெழுத்திட்டிருக்கிறார். இரண்டும் கம்பெனிச் சட்டத்துக்கு உட்பட்டவைதான். 94 லட்சம் ரூபாய் வித்தியாசம் வந்தது ஒரே இடத்தில்: லாரிகளின் தேய்மானத்தைக் கணக்கிட இருவரும் வேறு வேறு முறையைத் தேர்ந்துகொண்டார்கள்.

போக்குவரத்துத் தொழிலில் இந்தத் தேர்வுக்கு இவ்வளவு பலம் இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு மளிகை மொத்த வியாபாரியின் பணம் பெரும்பாலும் சரக்கில் இருக்கும். அவர் கடையின் தராசும் அலமாரியும் எப்படித் தேய்ந்தாலும் லாபம் பெரிதாக அசையாது. லாரி நிறுவனத்திலோ போட்ட பணம் ஏறக்குறைய முழுவதும் வண்டியில்தான் நிற்கிறது. அந்த வண்டி சில ஆண்டுகளில் தீர்ந்துபோகும் பொருள். டீசலுக்கு அடுத்தபடியாகப் பெரிய செலவு இதுவாகவே இருக்கும். ஆனால் டீசலுக்கு பில் இருக்கிறது, டோலுக்கு ரசீது இருக்கிறது. தேய்மானத்துக்கு பில் கிடையாது. அந்தத் தொகையை நிர்வாகம்தான் முடிவு செய்ய வேண்டும்.

2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை இதற்கு ஓர் எல்லை வகுக்கிறது. வாடகைக்கு ஓடும் லாரி, பஸ், கார் ஆகியவற்றின் பயனளிப்புக் காலம் 6 ஆண்டு என்கிறது. சொந்த உபயோகத்துக்கு ஓடும் லாரிக்கும் பஸ்ஸுக்கும் 8 ஆண்டு. காலம் முடியும்போது மிஞ்சும் மதிப்பை, பொதுவாக, வாங்கிய விலையில் 5 சதவீதத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வேறு காலமோ மதிப்போ வைத்துக்கொள்ள விரும்பும் நிறுவனம் அதைக் கணக்குக் குறிப்பில் சொல்லி, தொழில்நுட்பக் காரணமும் காட்ட வேண்டும். எந்த முறையில் பிரித்து எழுதுவது என்பதை மட்டும் சட்டம் நிறுவனத்திடமே விட்டுவிட்டது.

நம் சகோதரர்கள் இருவரும் 6 ஆண்டையும் 5 சதவீதத்தையும் ஏற்றுக்கொள்கிறார்கள். 4 கோடியில் 20 லட்சம் கடைசியில் மிஞ்சும். 3 கோடியே 80 லட்சம் ஆறு ஆண்டுகளில் செலவாகக் கழிய வேண்டும். அண்ணன் நேர்கோட்டு முறையை எடுக்கிறார்: 380 லட்சத்தை ஆறால் வகுத்து ஆண்டுக்கு 63.3 லட்சம். தம்பி குறைந்துசெல் மதிப்பு முறையை எடுக்கிறார்: ஒவ்வோர் ஆண்டும் மிச்சமிருக்கும் ஏட்டு மதிப்பில் ஒரே சதவீதம் கழியும். ஆறாம் ஆண்டு முடிவில் சரியாக 20 லட்சம் மிஞ்ச வேண்டுமானால் அந்தச் சதவீதம் 39.3 ஆக இருக்க வேண்டும். முதல் ஆண்டு முழு 4 கோடி மீது கழிவதால் 157.2 லட்சம் போகிறது. இரண்டாம் ஆண்டு மீதியுள்ள 242.8 லட்சத்தின் மீது. இப்படியே தொகை சுருங்கிக்கொண்டே போகும்.

| ஆண்டு | அண்ணன்: தேய்மானம் | அண்ணன்: ஏட்டு மதிப்பு | தம்பி: தேய்மானம் | தம்பி: ஏட்டு மதிப்பு |
|---|---|---|---|---|
| 1 | 63.3 | 336.7 | 157.2 | 242.8 |
| 2 | 63.3 | 273.3 | 95.4 | 147.4 |
| 3 | 63.3 | 210.0 | 57.9 | 89.5 |
| 4 | 63.3 | 146.7 | 35.2 | 54.3 |
| 5 | 63.3 | 83.3 | 21.3 | 33.0 |
| 6 | 63.3 | 20.0 | 13.0 | 20.0 |

(லட்சம் ரூபாயில், பத்து லாரிகளுக்கும் சேர்த்து, ஏட்டு மதிப்பு ஆண்டு முடிவில்.)

முதல் ஆண்டின் லாப நட்டக் கணக்கை நிதானமாகப் பார்ப்போம். பத்து லாரிகளின் வாடகை வரவு 600 லட்சம். டீசல், டிரைவர் பேட்டா, டோல், டயர், இன்சூரன்ஸ், பழுதுபார்ப்பு எல்லாம் 450 லட்சம். கையில் நிற்பது 150 லட்சம். இதுவரை இருவருக்கும் ஒரே எண்தான். இதில் தேய்மானத்தைக் கழித்தால் அண்ணனுக்கு 86.7 லட்சம், தம்பிக்கு 7.2 லட்சம் பற்றாக்குறை. பிறகு வட்டி 30 லட்சம் போகும். அப்படித்தான் ஒருவருக்கு 56.7 லட்சம் லாபமும் மற்றவருக்கு 37.2 லட்சம் நட்டமும் வந்தன.

இப்போது இரண்டு நிறுவனத்தின் வங்கிக் கணக்கையும் பாருங்கள். கையில் நின்ற 150 லட்சத்தில் வட்டி 30 லட்சம், கடன் அசலில் 60 லட்சம் கட்டியாயிற்று. இருவரிடமும் மிச்சம் 60 லட்சம். ஒரு ரூபாய் கூட வித்தியாசம் இல்லை. தேய்மானம் என்று எழுதிய தொகை யாருக்கும் போய்ச் சேரவில்லை. லாரி வாங்கிய அன்றே போன பணத்தை எந்தெந்த ஆண்டின் செலவாகக் காட்டுவது என்ற பங்கீடு மட்டுமே அது.

வரியிலும் வித்தியாசம் வருவதில்லை. வருமான வரிச் சட்டம் நிறுவனத்தின் ஏட்டில் உள்ள தேய்மானத்தைத் தள்ளிவைத்துவிட்டுத் தன் கணக்கைத் தானே போடுகிறது. வாடகைக்கு ஓடும் லாரிகளுக்கு அதன் விகிதம் 30 சதவீதம், குறைந்துசெல் மதிப்பு முறையில். இருவருக்கும் முதல் ஆண்டு 120 லட்சம் கழியும். 150-இல் வட்டியும் இந்தத் தேய்மானமும் போனால் வரிக்குரிய வருமானம் இருவருக்குமே சுழியம். லாபம் காட்டிய அண்ணன், பின்னால் கட்ட வேண்டிவரும் வரிக்கு ஒத்திவைத்த வரி என்று ஒரு தொகையை ஏட்டில் ஒதுக்குவார். அதிலும் இப்போதைக்குப் பணம் போகாது. ஒரு விதிவிலக்கு உண்டு. ஏட்டு லாபத்தின் மேல் குறைந்தபட்ச மாற்று வரி கட்ட வேண்டிய வரித் திட்டத்தில் அண்ணன் நிறுவனம் இருந்தால், நேர்கோட்டு முறை அவரை உண்மையிலேயே வரி கட்ட வைத்துவிடும். இந்த ஒரு வழியில்தான் தேய்மான முறை கல்லாவைத் தொடுகிறது. கீழே வரும் கணக்குகள் எல்லாம் வரிக்கு முந்தையவை.

பணம் ஒன்றாகவே இருந்தாலும், வெளியிலிருந்து பார்ப்பவர் படிப்பது விகிதங்களைத்தான். வங்கி மேலாளர் முதலில் பார்க்கும் கடன், சொந்த மூலதன விகிதத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் இருவர் கடனும் 240 லட்சம். அண்ணனின் சொந்த மூலதனம் 150 லட்சத்தோடு லாபம் சேர்ந்து 206.7 லட்சம், தம்பியுடையது நட்டம் போக 112.8 லட்சம். அண்ணனின் விகிதம் 1.16. தம்பியுடையது 2.13. கடன் ஒப்பந்தத்தில் இந்த விகிதம் 2-ஐத் தாண்டக் கூடாது என்று ஒரு வரி இருந்தால், தவணை ஒன்றுகூடத் தவறாத தம்பி, ஒப்பந்தத்தை மீறியவர் ஆகிறார்.

வட்டியைத் தாங்கும் திறன் என்று இன்னொன்று: வட்டிக்கு முந்தைய லாபம் வட்டியைப்போல் எத்தனை மடங்கு என்பது. அண்ணனுக்கு 2.9 மடங்கு. தம்பிக்கு எதிர்மறை, வட்டி கட்டவே வக்கில்லாத நிறுவனம் என்று தாள் சொல்கிறது. டிவிடெண்டிலும் இதே கதைதான். தேய்மானம் கழித்த பிறகுள்ள லாபத்திலிருந்தே டிவிடெண்ட் தரலாம் என்பது கம்பெனிச் சட்டம். அண்ணன் தரலாம். தம்பியின் கையில் அதே 60 லட்சம் இருந்தும் தர முடியாது.

அசையாமல் நிற்கும் ஒரு விகிதமும் இருக்கிறது. கடன் தவணை தாங்கும் விகிதம் என்பார்கள்: லாபத்தோடு தேய்மானத்தையும் வட்டியையும் திரும்பக் கூட்டி, அந்த ஆண்டு கட்ட வேண்டிய அசல், வட்டியால் வகுப்பது. மேலே கழித்த தேய்மானத்தைத் திரும்பக் கூட்டிவிடுவதால் முறை எதுவாக இருந்தாலும் விடை மாறாது. இருவருக்கும் 150-ஐ 90-ஆல் வகுத்து 1.67. லாரிக்குக் கடன் கொடுக்கும்போது நான் முதலில் நம்புவது இந்த எண்ணைத்தான். லாரி முதலாளிகள் இதை விகிதம் என்று சொல்லாமல், ‘டியூ கட்டியது போக வண்டிக்கு என்ன நிற்கிறது’ என்று கேட்பார்கள். கேள்வி அதேதான்.

இதுவரை படித்தவர்களுக்குத் தம்பி அநியாயமாக மாட்டிக்கொண்டார் என்று தோன்றியிருக்கும். மூன்றாம் ஆண்டில் நிலைமை தலைகீழாகிறது.

வண்டி பழசாகப் பழசாக ஒர்க்‌ஷாப் செலவு கூடும். கிளட்ச், கியர்பாக்ஸ், இன்ஜின் வேலை என்று ஒவ்வொன்றாக வரும். அதனால் செலவு போகக் கையில் நிற்பது இரண்டாம் ஆண்டு 145, மூன்றாம் ஆண்டு 140, நான்காம் ஆண்டு 130 லட்சம் என்று குறைவதாக வைத்துக்கொள்வோம். கடன் அடைய அடைய வட்டி 24, 18, 12 என்று இறங்கும். அண்ணனின் லாபம் அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு 57.7, 58.7, 54.7 லட்சம், ஏறக்குறைய ஒரே கோடு. தம்பியின் லாபம் 25.6, 64.1, 82.8. மூன்றாம் ஆண்டில் அண்ணனைத் தாண்டிவிட்டார். நட்டத்தில் தொடங்கி நான்கே ஆண்டில் 83 லட்சம் லாபம் காட்டும் நிறுவனம்! புதிதாகப் பங்கு சேர வருபவர் யாரிடம் போவார்?

உண்மையில் இந்த நான்கு ஆண்டுகளில் இருவரின் லாரிகளும் சம்பாதித்தது 150-இலிருந்து 130-க்கு இறங்கியிருக்கிறது. தம்பியின் கணக்கில் தெரியும் ஏற்றம், தேய்மானம் 157-இலிருந்து 35-க்குச் சரிந்ததன் நிழல். அண்ணனின் கணக்கில் தெரியும் சமநிலையும் முழு உண்மை அல்ல. இறங்கிய வருமானத்தை இறங்கிய வட்டி ஈடுகட்டியதால் வந்தது.

லாரிகளில் போட்ட பணத்துக்கு என்ன வருவாய் என்று பார்த்தால் படம் இன்னும் கோணலாகும். வட்டிக்கு முந்தைய லாபத்தை, ஆண்டுத் தொடக்கத்தில் லாரிகளின் ஏட்டு மதிப்பு எவ்வளவோ அதனால் வகுப்போம். முதல் ஆண்டு அண்ணனுக்கு 21.7 சதவீதம், தம்பிக்குச் சுழியத்துக்கும் கீழே. நான்காம் ஆண்டு அண்ணனுக்கு 31.7 சதவீதம். தம்பிக்கு 106 சதவீதம். தம்பியின் கணக்கில் மேலே உள்ள லாபம் பெருத்திருக்கிறது, கீழே உள்ள மதிப்பு இளைத்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே திசையில் தள்ளுவதால் விகிதம் எகிறுகிறது. போட்ட பணத்தை ஒரே ஆண்டில் திருப்பித் தரும் லாரி எதுவும் உலகில் ஓடவில்லை.

‘ஆறு ஆண்டுக்குச் சேர்த்துப் பார்த்தால் மொத்தத் தேய்மானம் ஒன்றுதானே, நாளடைவில் எல்லாம் சரியாகிவிடாதா’ என்று கணக்கு தெரிந்தவர்கள் கேட்பார்கள். பாதி சரி. ஒவ்வோர் ஆண்டும் பத்துப் புது லாரி வாங்கி, ஆறு ஆண்டு ஓடிய பத்தைக் கழித்துவிடும் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் ஆண்டுக்குப் பிறகு அதனிடம் எல்லா வயதிலும் பத்துப் பத்தாக அறுபது லாரி இருக்கும். புது லாரியின் கனத்த தேய்மானமும் பழைய லாரியின் மெலிந்த தேய்மானமும் கூடி, எந்த முறையில் பார்த்தாலும் ஆண்டுத் தேய்மானம் 380 லட்சமே. லாபமும் ஒன்றாகிவிடும். ஆனால் ஆண்டுத் தொடக்கத்தில், புதிதாக வந்த பத்தையும் சேர்த்து, அறுபது லாரிகளின் ஏட்டு மதிப்பு நேர்கோட்டு முறையில் 14.5 கோடி, குறைந்துசெல் முறையில் 9.67 கோடிதான். ஐந்தாம், ஆறாம் வயது லாரிகள் பத்துக்கு 120, 110 லட்சம் தருவதாகக் கொண்டால், அறுபது லாரியும் சேர்ந்து வட்டிக்கு முன் 415 லட்சம் லாபம் தரும். வருவாய் விகிதம் ஒரு முறையில் 29 சதவீதம், மறு முறையில் 43. இந்த இடைவெளி எத்தனை ஆண்டு போனாலும் மூடாது. லாபம் ஒத்துப்போய்விட்டது என்று நினைத்து இரண்டு நிறுவனங்களின் விகிதத்தை அருகருகே வைப்பவர் ஏமாறுவது இங்கேதான்.

அதோடு, வளரும் நிறுவனத்துக்கு அந்த ஒத்துப்போகும் நாள் வருவதே இல்லை. ஆண்டுக்காண்டு லாரி கூடிக்கொண்டே போனால் கூட்டத்தில் புது வண்டிகளே அதிகம். குறைந்துசெல் முறையில் லாபம் தொடர்ந்து அமுங்கியே இருக்கும். வாங்குவதை நிறுத்தினால் உடனே லாபம் பொங்கும். ஆகவே, லாபம் திடீரென்று கூடிய லாரி நிறுவனம் புது வண்டி வாங்குவதை நிறுத்தியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

மூன்றாவதாக ஒரு முறையும் உண்டு. சட்டமும் இடம் தருகிறது. ஆண்டை விட்டுவிட்டு ஓட்டத்தைக் கணக்கில் எடுப்பது. ஒரு லாரி தன் காலத்தில் 7.6 லட்சம் கிலோமீட்டர் ஓடும் என்று மதிப்பிட்டால், பத்து லாரிக்கு 76 லட்சம் கிலோமீட்டர். 380 லட்சத்தை அதனால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 5 ரூபாய். 14 லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஆண்டில் தேய்மானம் 70 லட்சம். லோடு இல்லாமல் 6 லட்சம் மட்டும் ஓடினால் 30 லட்சம். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து ஆம்னி பஸ்கள் பல மாதங்கள் ஷெட்டில் நின்றபோது, நேர்கோட்டு முறையில் எழுதிய நிறுவனங்களின் தேய்மானம் வரவே இல்லாத மாதங்களிலும் நிற்காமல் ஏறியது. ஓட்டக் கணக்கில் எழுதியிருந்தால் அது தானாகவே இறங்கியிருக்கும். மேலுக்கு இதுவே மிக நியாயமானதாகத் தெரியும். ஆனால் நின்றுகொண்டிருக்கும் வண்டியும் பழசாகிறது. ஷெட்டில் நின்ற நாட்களும் அதன் மறுவிற்பனை விலையைத் தின்கின்றன. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்த மறுநாளே பிஎஸ்-4 வண்டி ஒரு தலைமுறை பழையதாகிவிட்டது. ஓடோமீட்டருக்கு இது தெரியாது.

சரி, எந்த முறை உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது? கணக்கியல் தரநிலை தரும் அளவுகோல், வண்டியின் பயன் எந்த வேகத்தில் தீர்கிறதோ அதே வேகத்தில் தேய்மானம் இருக்க வேண்டும் என்பது. குறைந்துசெல் முறைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வலுவான வாதம் பழுதுச் செலவைப் பற்றியது: ஒர்க்‌ஷாப் செலவு ஏறும்போது தேய்மானம் இறங்கினால் இரண்டும் சேர்ந்த பாரம் ஆண்டுக்காண்டு சமமாக இருக்கும். நியாயம்தான். ஆனால் நம் கணக்கில் நான்கு ஆண்டில் பழுதுச் செலவு ஏறியது 20 லட்சம். தம்பியின் தேய்மானம் இறங்கியதோ 122 லட்சம். இது சமன் செய்வதாகாது, மறுபக்கம் கவிழ்ப்பதாகும். 39.3 சதவீதம் இவ்வளவு கொடூரமாக இருப்பதற்குக் காரணம் லாரி அல்ல, அந்த 5 சதவீத மிஞ்சும் மதிப்பு. ஆறு ஆண்டில் 100-ஐ 5-க்குக் கொண்டுவர வேண்டுமானால் முதலிலேயே ஓங்கி வெட்டியாக வேண்டும்.

எது சரி என்று விவாதிக்காமலே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: லாரியை விற்கும் நாள். நான்காம் ஆண்டு முடிவில் இருவரும் ஆளுக்கு ஒரு லாரியை 12 லட்சத்துக்கு விற்கிறார்கள் என்று வைப்போம். அண்ணன் ஏட்டில் அதன் மதிப்பு 14.7 லட்சம், 2.7 லட்சம் விற்பனை நட்டம். தம்பி ஏட்டில் 5.4 லட்சம், 6.6 லட்சம் விற்பனை லாபம். அண்ணன் சற்றுக் குறைவாகத் தேய்த்திருக்கிறார், தம்பி மிக அதிகமாகத் தேய்த்திருக்கிறார் என்று சந்தை சொல்லிவிட்டது. ஆண்டுதோறும் ‘வாகன விற்பனை லாபம்’ என்று ஒரு நல்ல தொகை தவறாமல் வந்துகொண்டிருந்தால், அந்த நிறுவனம் முந்தைய ஆண்டுகளின் லாபத்தைக் குறைத்துக் காட்டிவந்தது என்று பொருள். நட்டமே வந்துகொண்டிருந்தால், இல்லாத லாபத்தை முன்கூட்டியே காட்டியிருக்கிறது. இரண்டாவதே ஆபத்தானது. ஆறு ஆண்டு ஓடிய, எஃப்.சி. சரியாக உள்ள 40 லட்ச ரூபாய் லாரியை யாரும் 2 லட்சத்துக்கு விற்பதில்லை. அதனால் சட்டம் சொன்ன காலத்தையும் மதிப்பையும் அப்படியே வைத்துக்கொள்ளும் நிறுவனத்தில், முறை எதுவானாலும், ஆறாம் ஆண்டு முடிவில் ஒரு மறைந்த லாபம் உட்கார்ந்திருக்கும்.

முறை ஒன்றாகவே இருந்தாலும் காலமும் மிஞ்சும் மதிப்பும் என்ன செய்யும் என்பதற்கு விமான நிறுவனங்களின் கதை நல்ல சான்று. அமெரிக்காவின் டெல்டாவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் நேர்கோட்டு முறையையே பின்பற்றின. டெல்டா 1986-இல் விமானத்தின் காலத்தை 10 ஆண்டிலிருந்து 15 ஆண்டாகவும், 1993-இல் 20 ஆண்டாகவும் நீட்டியது. கடைசியில் மிஞ்சும் மதிப்பு 5 சதவீதம் என்றது. சிங்கப்பூர் 1989-இல் நீட்டிய பிறகும் 10 ஆண்டில்தான் நின்றது. மிஞ்சும் மதிப்பு 20 சதவீதம். 100 ரூபாய் விமானத்துக்கு 1993-இல் டெல்டா ஆண்டுக்கு 4.75 ரூபாய் எழுதியது, சிங்கப்பூர் 8 ரூபாய். சிங்கப்பூர் விமானங்களைச் சீக்கிரம் விற்றுப் புதியவை வாங்கும் வழக்கமுள்ள நிறுவனம். அந்த எண்ணுக்கு அதனிடம் காரணம் இருந்தது. காரணம் இல்லாமல் நீட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் வேஸ்ட் மேனேஜ்மென்ட் நிறுவனம் பாடம். குப்பை லாரிகளின் காலத்தை ஆதாரமின்றி நீட்டியும் மிஞ்சும் மதிப்பை ஊதியும் தேய்மானத்தைக் குறைத்தது அதன் மேல் சாட்டப்பட்ட குற்றங்களில் ஒன்று. 1998-இல் அந்த நிறுவனம், 1992 முதல் தான் காட்டிய லாபத்தில் சுமார் 170 கோடி டாலர் தவறு என்று ஒப்புக்கொண்டு கணக்கைத் திருத்தியது. 2002-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் அதன் முன்னாள் அதிகாரிகள் மீது வழக்குத் தொடுத்தது.

கடைசியாக, நடுவழியில் முறையை மாற்றினால் என்ன? இரண்டாம் ஆண்டு முடிந்ததும் தம்பி நேர்கோட்டு முறைக்கு மாற நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2016 ஏப்ரலுக்கு முன் இருந்த தரநிலைப்படி, முதல் நாளிலிருந்தே புது முறையில் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று திருப்பிக் கணக்கிட்டு, வித்தியாசம் முழுவதையும் அந்த ஆண்டின் லாப நட்டக் கணக்கில் எடுக்க வேண்டும். தம்பியின் ஏட்டில் 147.4 லட்சம், புது முறையில் 273.3 லட்சம், 126 லட்சம் ஒரே நாளில் லாபத்தில் வந்து விழும். இந்த வழி இப்போது அடைக்கப்பட்டுவிட்டது. திருத்திய தரநிலைப்படி முறை மாற்றம் என்பது மதிப்பீட்டு மாற்றம்; பழையதைத் தொடாமல் மிச்சத்தை மட்டும் இனிவரும் ஆண்டுகளுக்குப் பங்கிட வேண்டும். 147.4-இல் கடைசி 20 போக 127.4 லட்சம், நான்கு ஆண்டுக்கு, ஆண்டுக்கு 31.9 லட்சம்.

126 லட்சம் வரவில்லை என்றாலும் பலன் இல்லாமல் போகாது. மூன்றாம் ஆண்டுக்கு 57.9 லட்சம் எழுத வேண்டிய இடத்தில் 31.9 எழுதுவதால் லாபம் 64.1-இலிருந்து 90.1 லட்சமாகிறது. ஒரு லோடுகூடக் கூடாமல் 26 லட்சம் அதிகம். ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளில் பழைய முறையை விட அதிகமாக எழுதி அதைத் திருப்பிக் கொடுப்பார். அதற்குள் வங்கிக் கடனோ புதுப் பங்குதாரரோ வந்திருக்கலாம்.

இந்த மாற்றத்தை ஆண்டறிக்கையில் கண்டுபிடிப்பது கடினமல்ல. கணக்கியல் கொள்கை பற்றிய குறிப்பில் தேய்மான முறையும் காலமும் எழுதப்பட்டிருக்கும். சென்ற ஆண்டு அறிக்கையின் அதே பத்தியோடு வைத்து ஒப்பிட வேண்டும். 2021-22 முதல் நிறுவனங்கள் முக்கிய விகிதங்களைக் குறிப்பிலேயே பட்டியலிட்டு, முந்தைய ஆண்டை விட 25 சதவீதத்துக்கு மேல் மாறியவற்றுக்குக் காரணமும் எழுத வேண்டும் என்று கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை கேட்கிறது. தம்பி நிறுவனத்தின் பட்டியலில் வாடகை வரவின் மேல் லாபம் இரண்டாம் ஆண்டு 4.3 சதவீதம், மூன்றாம் ஆண்டு 15 சதவீதம் என்று இருக்கும். காரணம் என்ற கட்டத்தில் ‘வண்டிகளின் பயன்பாடு மேம்பட்டது’ என்று எழுதியிருந்தால், அதே பட்டியலில் கடன் தவணை தாங்கும் விகிதத்தைப் பாருங்கள்: 1.73-இலிருந்து 1.79. பயன்பாடு உண்மையிலேயே மேம்பட்டிருந்தால் இதுவும் துள்ளியிருக்க வேண்டும். 4.3-இலிருந்து 10.7 வரை ஏறியது பெரும்பாலும் பழைய முறையின் தேய்மானம் தானாகவே சுருங்கியதால், 10.7-இலிருந்து 15 வரை ஏறியது முறையை மாற்றியதால்.